வாங்ஷி தோட்டம் 1:50 மாடல்: பாலம் நீண்டதும் குளம் சுருங்கிவிட்டது

சீனாவின் சூச்சோ நகரில் உள்ள வாங்ஷி தோட்டம், வீட்டையும் சேர்த்து ஒன்றரை ஏக்கருக்கும் குறைவு. நடுக்குளம் ஏறக்குறைய சதுரம், பக்கத்துக்குச் சுமார் 20 மீட்டர். நேரில் நிற்பவருக்கு அது பெரிய நீர்ப்பரப்பாகவே தெரியும். அந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் இந்த மாடல். 1:50 அளவில் குளம் 40 செ.மீ. வருகிறது, 60 செ.மீ. சதுர பிளைவுட்டில் அடங்கிவிடும்.

முதல் சறுக்கல் பாலத்தில். தென்கிழக்கு மூலையில் இருக்கும் அசல் கல்வளைவுப் பாலம் இரண்டரை மீட்டர்கூட இல்லை. மூன்று எட்டில் கடந்துவிடலாம். மாடலில் அது 48 மி.மீ. தான். பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று 80 மி.மீ. வைத்ததும் குளம் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. கண் பாலத்தைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. அது குட்டியாக இருந்தால்தான் பின்னாலுள்ள நீர் விரியும். பிய்த்தெடுத்து 48-க்கே திரும்பினோம்.

பாலம் மூலையில் இருப்பதற்கும் காரணம் உண்டு. நீர் அதன் அடியில் புகுந்து ஓடைபோல அப்பால் போகிறது, முடிவு கண்ணில் படுவதில்லை. மாடலில் ஓடையைப் பாலத்துக்கு அப்பால் 4 செ.மீ. நீட்டி, வளைத்து, நுனியில் கறுப்பு பெயிண்ட் அடித்து, மேலே ஒரு கல்லைக் கவிழ்த்தால் போதும்.

கரைக்கு பைன் மரப்பட்டைத் துண்டுகள். அங்குள்ள மஞ்சள் கல் படுக்கைவாட்டில் அடுக்கடுக்காக உடைவது. பட்டையை நிமிர்த்தி ஒட்டினால் வேறு ஊர்ப் பாறையாகிவிடும். விளிம்புக் கற்கள் நீர்மேல் 1 செ.மீ. துருத்தி நிற்க வேண்டும். அடியில் விழும் நிழலால் நீர் கரைக்குள்ளும் போவதாகத் தோன்றும்.

நீருக்கு எபாக்ஸி ரெசின். 3 மி.மீ. தடிப்புக்கு ஏறக்குறைய அரை லிட்டர், இரண்டு தடவை. மொத்தமாக ஊற்றினால் இறுகும்போது கிளம்பும் சூட்டில் கரைப் பட்டைக்கு அடியிலுள்ள ஃபோம் உருகலாம். ஊற்றுமுன் தரையில் கரும்பச்சை. நீலம் வேண்டாம், நீச்சல்குளம் ஆகிவிடும். ரெசின் கல்லில் இரண்டு மி.மீ. ஏறிப் பளபளக்கும். காய்ந்தபின் அந்த ஓரத்தில் மட்டும் மேட் வார்னிஷ் தொட்டால் மறையும்.

மாடலை மேலிருந்து பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மேற்குக் கரை மண்டபத்தில் நிற்பவரின் கண் 32 மி.மீ. உயரத்தில் இருக்கும். போனைத் தலைகீழாகத் திருப்பினால் கேமரா அந்த உயரத்துக்கு வந்துவிடும். அப்படி எடுத்த படத்தில் மண்டபத்தின் இரண்டு தூண்கள் சட்டம்போல நிற்க, எதிர்க்கரை வெள்ளைச் சுவரில் பாதி வெறுமையாக இருந்தால் சரி. நாங்கள் சுவர் முழுக்க மரம் நட்டிருந்தோம். இப்போது இடப்பக்கம் ஒரு பைன் மட்டும், சற்றே நீர்மேல் சாய்ந்தபடி.