அப்பா வாறார் லீவில

எங்கள் தமிழ் சேர் இந்தப் பங்குனியில் காலமானார் என்ற செய்தி கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்தபோது, பழைய மாணவர் மலருக்கு எதை எழுதுவது என்ற கேள்வி எனக்குத் தீர்ந்துவிட்டது. அவரைப் பற்றி எழுதுவதென்றால் அந்தக் கவிதையைப் பற்றித்தான் எழுதவேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் எங்களோடு படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். தமிழ் மன்றப் போட்டிக்கு எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவன் எழுதிக் கொடுத்தது. வெளியிலிருந்து வந்த நடுவர் அதை மேடையில் வாசித்தார். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லிலும் நின்று, "இது எந்த நாட்டுத் தமிழ்?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. எழுதியவன் முன்வரிசையில் இருந்தான்.

அடுத்த நாள் சேர் திருக்குறளை மூடிவைத்துவிட்டு, முழுக் கவிதையையும் கரும்பலகையில் எழுதினார்.

யாழ்தேவி வருது, அப்பா வாறார்,
ஏழு நாள் கஷுவல் லீவு.
சூட்கேசுக்குள்ள மஸ்கற், அம்மாவுக்குச் சீலை,
எனக்கு ஒரு பேனை.
"கந்தோரில சாப்பாடு இல்லையோ, மெலிஞ்சுபோனியள்?"
"நொட் அற் ஓல்" எண்டு சிரிக்கிறார்.
கிணத்தடியில அம்மா தண்ணி வாக்க
முதுகில இருந்து ஒபீஸ் வழியுது.
இராவில ரெண்டுபேரும் மெல்லக் கதைக்கினம்,
இன்கிறிமென்ற் நிண்டுபோச்சாம்,
சிங்களம் பாஸ் பண்ணவேணுமாம்.
அம்மா விளக்குத் திரியைக் குறைச்சா.
விடிய ஸ்ரேசன். அப்பா என்ர தலையைத் தடவி
"பீ எ குட் போய்" எண்டார்.

போட்டிக்குக் கொடுத்த பிரதியில் இதற்குக் கீழே "நான் தமிழில அழுதன்" என்று இன்னொரு வரி இருந்தது. சேர் அதை எழுதவில்லை. "அதை நீ சொல்லாதை, மேல இருக்கிற பதினாலு வரியும் சொல்லிப்போட்டுது" என்று எழுதியவனைப் பார்த்துச் சொன்னார். நடுவர் பிழையாகக் கண்ட எதையும் அவர் தொடவில்லை. அவர் வெட்டியது நல்ல தமிழில் இருந்த அந்த ஒரு வரியைத்தான்.

பிறகு எங்களிடம் ஒரு வேலை தந்தார். இந்த வீட்டில் யார் எந்தச் சொல்லைப் பேசுகிறார்கள் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். எத்தனை ஆங்கிலச் சொல் என்று எண்ணவேண்டாம், அவை எந்த வாயிலிருந்து வருகின்றன என்று பாருங்கள் என்றார்.

முதலில் மகன். அவனுடைய ஆங்கிலம் ஏறக்குறைய முழுவதும் பெயர்ச்சொல். லீவு, சூட்கேஸ், ஸ்ரேசன். உருபு வேண்டிய இடத்தில் அவை "சூட்கேசுக்குள்ள" என்று தமிழ் உருபை ஏற்றுக்கொண்டு வருகின்றன. வசனத்தின் எலும்பு தமிழ். ஆங்கில வினை வரும் ஒரே இடமான "பாஸ் பண்ணவேணும்" என்பதிலும் வினையின் வேலையும் கட்டாயமும் "பண்ணவேணும்" என்ற தமிழில்தான் இருக்கின்றன. மகனிடம் முழு ஆங்கில வசனம் ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. ஐம்பதுகளில் மேல்வகுப்புகள் சுயபாஷைக்கு மாறியபின் படித்த பிள்ளை அவன். ஆங்கிலம் அவனுக்குத் தகப்பனின் பெட்டியோடு வந்திறங்கும் சாமான்.

தகப்பன் வேறு. அவர் ஆங்கிலத்தில் படித்து, கிளாக்கராகி, கொழும்பில் அறை எடுத்து இருந்தவர். எங்களில் பாதிப்பேரின் தகப்பன்மார் அப்படித்தான். கவிதையில் அவர் இரண்டு தரம் முழு ஆங்கிலம் பேசுகிறார். மனைவி "மெலிஞ்சுபோனியள்" என்னும்போது ஒன்று, மகனை விட்டுப் போகும்போது மற்றது. அந்த இரண்டு இடத்திலும் தமிழில் வாய் திறந்திருந்தால் அவர் உடைந்திருப்பார் என்றார் சேர். ஆங்கிலம் அவருக்குப் பெருமை காட்டும் மொழியென்றே அதுவரை நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு மனிதன் தன் கண்ணீரை மறைக்க அதற்குள் போய் நிற்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா ஆங்கிலமே பேசவில்லை என்று நாங்கள் கைதூக்கினோம். சேர் "கந்தோர்" என்ற சொல்லின் கீழ் கோடு போட்டார். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவள் சொல்லும்போது கந்தோர், மகன் சொல்லும்போது ஒபீஸ். கதிரையும் அலுமாரியும் பாணும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்து எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது போல, கந்தோர் அம்மாவுக்குத் தமிழ். ஆகவே இந்த வீட்டில் கலப்பில்லாமல் பேசுகிறவர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு காலத்துக் கலப்பைப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, இந்தக் குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்கும் மொழி எது என்று கேட்டார். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. பிறகு தமிழ் உத்தியோகத்தர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. 1962இல் அப்படிச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட கோடீஸ்வரன் என்ற உத்தியோகத்தர் வழக்குப் போட்டு, 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1969இல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தள்ளியது. இந்தக் கதை எங்கள் வீடுகளில் இரவில் மெல்லிய குரலில் பேசப்பட்டது. அந்தக் குரல்தான் கவிதையில் இருக்கிறது. ஆனால் கவிதை முழுவதும் தேடினாலும் ஒரு சிங்களச் சொல் கிடையாது, அந்த மொழியின் பெயர் மட்டும்தான் வருகிறது. போர்த்துக்கேயமும் ஒல்லாந்தமும் ஆங்கிலமும் குடியிருக்கும் வீட்டுக்குள் அது உறவாக நுழையவில்லை, கட்டளையாக வாசலில் நிற்கிறது. இந்த ஓர் இடத்தை வாசித்துக் காட்டியதற்காகவே சேரை நான் என் பெரிய ஆசிரியர் என்பேன்.

எழுத்தைக்கூட அவர் விடவில்லை. "ஸ்ரேசன்", "இன்கிறிமென்ற்" என்று எழுதியிருக்கிறான் பாருங்கள், சென்னையில் இருப்பவன் "ஸ்டேஷன்" என்று எழுதுவான் என்றார். ஆங்கிலச் சொல்லை எழுதும்போதும் பெடியன் யாழ்ப்பாணத்தான்தான்.

நான் இங்கே வந்து, பிள்ளைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். மகளின் மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அம்மப்பா, கேன் ஐ ஹாவ் ரூ மோர் இடியப்பம்ஸ்?" என்றாள். எனக்குச் சூட்கேசுக்குள்ள என்ற சொல் நினைவுக்கு வந்தது. அன்று ஆங்கிலப் பெயர் தமிழ் உருபை ஏற்றது, இன்று தமிழ்ப் பெயர் ஆங்கிலப் பன்மையை ஏற்கிறது. எலும்பு மாறிவிட்டது. இதைச் சேருக்கு எழுதினேன். பிள்ளை பேசும் தமிழ்ச் சொல் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு என்று பதில் போட்டார். அனுப்பினேன். முறைப்பெயர்கள், சாப்பாடு, கோயில், பொட்டு. அவர் அதைப் பார்த்துவிட்டு, "வினைச்சொல் ஒண்டும் காணேல்லை" என்று எழுதியிருந்தார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. இந்தப் பிள்ளைக்குத் தமிழ், பொருட்களும் மனிதரும் இருக்கும் இடம், காரியங்கள் நடக்கும் இடம் வேறு என்று ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தார்.

அவள் என்னோடு அன்பாகத்தான் இருக்கிறாள். "அம்மப்பா" என்று அவள் கூப்பிடும்போது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலை எழுதியபோது, நாங்கள் ஊரிலேயே இருந்திருக்கலாம் என்று முதல்முறையாக மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னேன். போரை நினைவுபடுத்தினாள். அவள் சொன்னது சரி. பட்டியலைத் தபாலில் சேர்த்தது அவள்தான்.