வீட்டுப் பொடி வியாபாரத்துக்கு கார்டு வசதி கேட்டு வங்கிக்கு எழுதிய கடிதம்

நங்கநல்லூரில் எங்கள் ஃபிளாட்டிலேயே பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, வத்தல், ஊறுகாய் செய்து விற்கிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் யுபிஐ-யில் அனுப்பிவிடுவார்கள். தீபாவளிக்கு மொத்தமாக வாங்கும் கம்பெனிகள் மட்டும் கிரெடிட் கார்டில்தான் கட்டுவோம் என்கிறார்கள். அதனால் என் இணையதளத்தில் கார்டு வசதி கேட்டு, கரண்ட் அக்கவுண்ட் இருக்கும் கிளைக்குக் கடிதம் எழுதினேன்.

எழுதும் முன் கிளையில் இருந்த அதிகாரி ஒருவரிடம் பேசினேன். "பொடி எவ்வளவு நல்லா இருக்கும்னு எழுதாதீங்க மேடம். பணம் வாங்கினா எத்தனை நாள்ல பொருள் போய்ச் சேரும்னு எழுதுங்க, அதைத்தான் பார்ப்பாங்க" என்றார். காரணத்தையும் சொன்னார். கார்டில் கட்டியவர் "பொருள் வரவில்லை" என்று தன் வங்கியிடம் புகார் கொடுத்தால், அந்தப் பணத்தை என் கணக்கிலிருந்து திரும்ப எடுப்பார்கள். இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். என் கணக்கில் அப்போது பணம் இல்லையென்றால் நஷ்டம் என் வங்கிக்குத்தான். பணம் வாங்கிய நாளுக்கும் பொருள் சேரும் நாளுக்கும் நடுவில் இடைவெளி நீள நீள அவர்களுக்குப் பயம் அதிகம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஆவக்காய்தான் நினைவுக்கு வந்தது. கோடையில் போடும் ஊறுகாய்க்கு ஒரு மாதம் முன்பே பணம் வாங்கிவிடுவது எங்கள் வழக்கம். வங்கியின் கண்ணில் அது கடன் மாதிரிதான். அதையும் மறைக்காமல் எழுதினேன். கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"பொருள்: இணையதளத்தில் டெபிட், கிரெடிட் கார்டு வழியே பணம் பெறும் வசதி வேண்டி.

நான் தனி உரிமையாளராக, உத்யம் பதிவும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் பெற்று வீட்டிலிருந்து பொடி, வத்தல், ஊறுகாய் விற்கிறேன். ஒரு ஆர்டர் சராசரியாக ரூ. 600, தீபாவளி மொத்த ஆர்டர் அதிகபட்சம் ரூ. 25,000. கார்டு மூலம் மாதம் சுமார் ரூ. 40,000 எதிர்பார்க்கிறேன், அக்டோபர், நவம்பரில் இது இரண்டு மடங்கு ஆகலாம். இரண்டு வேலை நாளில் கூரியரில் அனுப்புகிறேன். தமிழ்நாட்டுக்குள் ஐந்து நாளில் சேரும். முன்பதிவு ஊறுகாய்க்குக் கார்டில் பணம் பெறமாட்டேன். பணம் திருப்ப வேண்டியிருந்தால் அதே கார்டுக்கே திருப்புவேன். முதலில் உள்நாட்டுக் கார்டுகளுக்கு மட்டும் அனுமதி போதும்."

தீபாவளி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். விற்பனை திடீரென்று ஏறினால் சந்தேகப்பட்டுப் பணத்தை நிறுத்தி வைப்பார்களாம். வெளிநாட்டுக் கார்டுகளுக்குத் தனி அனுமதி வேண்டும், மோசடிப் பயமும் கூடுதல். அதனால் இப்போதைக்கு விட்டேன். முடிவெடுக்கும் பிரிவு மும்பையில் என்பதால் ஆங்கிலப் பிரதியும் இணைத்தேன்.

அப்புறம் இணையதளத்தைப் பார்த்தார்கள். விலை, முகவரி, போன் நம்பர் எல்லாம் இருந்தது. பணம் திருப்புவது, பொருள் அனுப்புவது, தனியுரிமை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் வேண்டும் என்றார்கள். பெயரும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்: கணக்கு, உணவுப் பதிவு, இணையதளம். ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் நிற்கும். கடைசியாக ஒருவர் வீட்டுக்கு வந்து போட்டோ எடுத்தார். ஃபிளாட்டில் போர்டு எங்கே வைப்பது? கடைப் பெயரை அச்சிட்ட தாளைக் கதவில் ஒட்டினேன், அவரும் அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

கட்டணம் பற்றி ஒன்று தெரிந்திருப்பது நல்லது. முந்தைய ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு வியாபாரிகளிடம் டெபிட் கார்டுக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ரூபே டெபிட் கார்டுக்குக் கட்டணமே இல்லை. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு கிடையாது, பேசித்தான் வாங்க வேண்டும். எனக்கு 2 சதவீதம் போட்டார்கள். ஒரு ரூ. 5,000 ஆர்டருக்குக் கட்டணம் 100, அதன் மேல் ஜிஎஸ்டி 18, ஆக ரூ. 118 போகும். டெபிட் கார்டென்றால் 20 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கம்பெனி ஆர்டருக்கு விலை சொல்லும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

அனுமதி வந்ததிலிருந்து ஒவ்வொரு கார்டு ஆர்டருக்கும் கூரியர் ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன். சார்ஜ்பேக் புகார் நான்கு மாதம் கழித்துக்கூட வரலாம். பதில் சொல்ல வங்கி கொடுப்பது சில நாள்தான்.