மனிதவளத் துறையில் எந்தப் பிரிவு? சுழற்சிப் பயிற்சி காட்டியது

நான் சேர்ந்த நிறுவனத்தில், மனிதவளத் துறைக்கு வரும் புதியவர்களை உடனடியாக ஒரு பிரிவில் அமர்த்துவதில்லை. ஆள்சேர்ப்பு, சம்பளப் பட்டியல், பயிற்சி, ஊழியர் உறவு ஆகிய நான்கிலும் சில மாதங்கள் வீதம் வேலை பார்க்கச் செய்துவிட்டு, முடிவில் ஒரு நேர்காணல் நடத்தி, எந்தப் பிரிவு வேண்டும், ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். "மனிதர்களோடு பழகப் பிடிக்கும்" என்ற பதில் அங்கே எடுபடாது. நான்கு பிரிவுகளிலும் மனிதர்கள்தாம் இருக்கிறார்கள். பிரிவுக்குப் பிரிவு மாறுவது, செய்த வேலை சரியா தவறா என்பது நமக்கு எப்போது, எந்த வடிவில் தெரியவருகிறது என்பதே. இந்த வேறுபாட்டை எவ்வளவு தாங்க முடியும் என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

முதலில் கிடைத்தது ஆள்சேர்ப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மனிதவளத் துறை என்றாலே இதைத்தான் நினைக்கிறார்கள். விண்ணப்பங்களைச் சலிப்பதைவிட, ஆள் கேட்கும் மேலாளரோடு முதலில் உட்கார்ந்து பேசுவதே இதில் கடினம்; "நல்ல அனுபவசாலி வேண்டும்" என்பவரிடம், வருபவர் முதல் ஆறு மாதத்தில் எதைச் செய்து முடித்திருக்க வேண்டும் என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்காவிட்டால், பிறகு யாரை அனுப்பினாலும் திருப்பி அனுப்புவார். அடுத்த சிக்கல், ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திட்டவர், பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் முடிவதற்குள் மனம் மாறுவது. ராஜினாமா ஏற்கப்பட்டதற்கான கடிதத்தை அனுப்பத் தாமதிப்பதும், சேரும் தேதியைக் காரணம் தெளிவாகச் சொல்லாமல் தள்ளிப்போடுவதும் அதற்கான முன்னறிகுறிகள். வேலை கூடிவந்ததா என்பது, ஆள் சேர்ந்து பல மாதங்கள் ஆன பிறகே உறுதியாகும். பல வார உழைப்பு ஒரே தொலைபேசி அழைப்பில் வீணானாலும் அன்று மாலையே அடுத்தவரை அழைக்கும் மனம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். எனக்கு அந்த மனம் இல்லை.

சம்பளப் பட்டியல் பிரிவில் நிலைமை நேர்மாறானது. மாதத்தில் ஒரு நாளைக் கெடுவாக வைத்து, அதுவரை வந்த வருகைப் பதிவு, விடுப்பு, புதிதாகச் சேர்ந்தவர்கள், விலகியவர்கள், ஊதிய உயர்வு ஆகிய விவரங்களோடு பதிவுகளைப் பூட்டிவிடுவார்கள். பிறகு கணக்கை ஓட்டி, சென்ற மாதத்தோடு ஒப்பிட்டு வித்தியாசப் பட்டியல் எடுத்து, தயாரித்தவர் ஒருவரும் சரிபார்ப்பவர் வேறொருவரும் ஒப்புதல் அளித்த பின்னரே வங்கிக்குக் கோப்பு போகும். செய்தது தவறென்றால் சம்பள நாள் காலையிலேயே தெரிந்துவிடும்; ஆனால் எல்லாத் தவறும் அப்படித் தெரிந்துவிடாது என்பதை ஒரு மாதக் கணக்கு எனக்குக் காட்டியது.

ஒரு ஊழியரின் மாதச் சம்பளம் 30,000 என்பதிலிருந்து 36,000 ஆக உயர்த்தப்பட்டது. உயர்வு முந்தைய மாதத்தின் முதல் தேதியிலிருந்தே செல்லும் என்று ஆணை வந்தது. ஆகவே ஒரு மாத நிலுவை சேர வேண்டும். மென்பொருள் 6,000 என்று நிலுவையைக் காட்டியது. ஆனால் 30 நாட்கள் கொண்ட அந்த முந்தைய மாதத்தில் அவர் 3 நாட்கள் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். பழைய விகிதத்தில் அவர் பெற்றது 27,000. புதிய விகிதத்தில் 27 நாட்களுக்கு அவருக்குச் சேர வேண்டியது 32,400. ஆக, உண்மையான நிலுவை 5,400 மட்டுமே. நிலுவை என்ற இனத்தை, வேலை செய்த நாட்களுக்கு ஏற்பப் பிரிக்க வேண்டாம் என்று யாரோ எப்போதோ அமைத்துவைத்திருந்ததால் 600 கூடுதலாக வந்திருந்தது.

வித்தியாசப் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் இல்லை. எதிரே "ஊதிய உயர்வு" என்று காரணம் இருந்ததால், பார்ப்பவர் கண் அதோடு நகர்ந்துவிடும். ஆயத்தமான காரணத்தோடு வரும் வித்தியாசத்தைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும் என்பார் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த அலுவலர். ஒருவருக்கே இரண்டு மாற்றங்கள் மோதும் இடங்களை, அதாவது உயர்வும் விடுப்பும், மாத நடுவில் சேர்ந்தவருக்கு இடமாறுதலும் போன்றவற்றை, மட்டும் தனியே பிரித்து அவர் கையால் கணக்கிடுவார். இந்த 600 அப்படித்தான் பிடிபட்டது. அதன் பின் அமைப்பைத் திருத்தி, அதே காலத்தில் நிலுவை பெற்ற எல்லோருடைய கணக்கையும் மீண்டும் பார்த்தோம். யாரும் பாராட்டாத, தவறினால் மட்டும் பேசப்படும் இந்த வேலை, விடை ஒன்றுதான் என்ற உறுதியில் நிம்மதி அடைபவர்களுக்கு உரியது. கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை. பட்டியலின் கடைசி வரியையும் முதல் வரியைப் போலவே படிக்கும் பொறுமை இருந்தால் போதும்.

பயிற்சிப் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மேடையில் பேசத் தெரிந்தவர்கள் இதை விரும்பி வருகிறார்கள், ஆனால் பேச்சு இதில் சிறு பகுதி. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959 முதல் எழுதிய கட்டுரைகளில் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு கிடைத்ததா. பெரும்பாலான கருத்துப் படிவங்கள் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. சில வேளைகளில் கேட்கப்படும் பயிற்சியே தேவையற்றது. படிவங்களில் பிழை அதிகம் என்று ஒரு பிரிவு வகுப்பு கேட்டது. பிழைகளை வகைபிரித்தபோது பெரும்பாலானவை ஒரே கட்டத்தில் இருந்தன, அக்கட்டத்தின் தலைப்பு குழப்பமாக இருந்தது. தலைப்பை மாற்றியதும் வகுப்புக்கு அவசியம் இல்லாமல் போனது. தன் வகுப்பே வேண்டாம் என்று சொல்லும் துணிவு உள்ளவர்தான் இங்கே நல்ல அலுவலராகிறார்.

ஊழியர் உறவுப் பிரிவில் விடை ஒருபோதும் முழுமையாகக் கிடைப்பதில்லை. மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் அவமதிக்கிறார் என்று ஒரு ஊழியர் புகார் கொடுத்தார். அதே வாரம், அந்த ஊழியர் தொடர்ந்து தாமதமாக வருகிறார் என்று மேற்பார்வையாளரும் எழுதிக்கொடுத்தார். இரண்டையும் ஒரே விசாரணையாக நடத்தினால், ஒன்று மற்றொன்றுக்குச் சமாதானமாகிவிடும் என்பதால் தனித்தனியே எடுத்தோம். நான் குறிப்பெடுப்பவன் மட்டுமே. விசாரித்த அதிகாரி, "ரகசியமாக இருக்கட்டும்" என்று கேட்ட சாட்சியிடம், "தேவைப்படுபவர்களுக்கு மட்டும் தெரியும் என்பதைத்தான் நான் உறுதியாகச் சொல்ல முடியும்" என்றார். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் ஒழுங்கு. "அவமதித்தார்" என்று எழுதாமல், சொல்லப்பட்ட சொற்களை அப்படியே எழுதச் சொன்னார். வருகைப் பதிவை எடுத்தபோது அதே அளவு தாமதமாக வந்த வேறு இருவருக்கு எந்த எச்சரிக்கையும் போகவில்லை என்று தெரிந்தது. எனவே தாமதத்துக்கான நடவடிக்கை மூவருக்கும் ஒரே அளவில் அமைந்தது. அவமதிப்புப் புகாரில் ஒரு பகுதி மட்டும் நிரூபணமாகி, மேற்பார்வையாளருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை போனது. இரு தரப்பும் திருப்தியடையவில்லை. கேட்டதை வெளியே சொல்லாமல், ஒருவர் மீதும் சாயாமல், உணவு மேசையில் இருவரையும் சந்திக்க முடிகிறவருக்கே இப்பிரிவு ஒத்துவரும். எல்லோருக்கும் பிடித்தவராக இருக்க விரும்புபவருக்கு இது தினமும் வேதனை.

நேர்காணலில் நான் சம்பளப் பட்டியல் பிரிவைக் கேட்டேன், காரணமாக அந்த 600 கணக்கைச் சொன்னேன். குழுவில் ஒருவர், அங்கே போனால் வளர்ச்சி நின்றுவிடாதா என்று கேட்டார். சம்பளக் கணக்கின் விதிகளை அறிந்தவர், பின்னாளில் பதவிகளின் மதிப்பை ஒப்பிட்டு ஊதிய வரம்புகளை வகுக்கும் பணிக்கு நகர முடியும் என்று பதில் சொன்னேன். என் கோரிக்கையை ஏற்றார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் மிகுதியாகப் பேசுபவர் ஆள்சேர்ப்பைக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவர் ஊழியர் உறவைத் தேர்ந்தெடுத்தார், இன்றுவரை எந்தப் புகாரைப் பற்றியும் எங்களிடம் வாய் திறந்ததில்லை.