ஓரியூர் மணலும் துர்க்கைமும்: வைவாவுக்கு முன்

தொண்டி, பிப்ரவரி 9

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வான வைவாவுக்குத் தேதி வந்துவிட்டது. முதல் கேள்வி எதுவென்று தெரியும்: "சமயம் என்று எதைச் சொல்கிறீர்கள்?"

என் ஆய்வேடு ஓரியூரைப் பற்றியது. போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ 1693-இல் தலை வெட்டப்பட்ட ஊர். அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பப்படும் மணலைக் கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். அந்த இந்துக் குடும்பங்களைத்தான் படித்தேன்.

ஆவிகள் மீதான நம்பிக்கையே சமயம் என்றார் மானிடவியலாளர் டைலர், 1871-இல். அதை இங்கே வைத்துப் பார்த்தேன். மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் மணலைப் பற்றி என்ன நம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, "மாமியார் எடுத்தாங்க, நானும் எடுக்கிறேன்" என்றார். டைலர் கணக்கில் அவர் வெளியே போய்விடுவார். ஆனால் அந்த மணல் சாமி மாடத்தில் தனி டப்பாவில் இருக்கிறது. தீட்டு நாளில் அவர் அதைத் தொடுவதில்லை. விலக்கி வைக்கப்பட்ட புனிதப் பொருள்களைச் சுற்றிய நம்பிக்கைகளும் செயல்களும் என்று சமயத்துக்கு 1912-இல் சமூகவியலாளர் துர்க்கைம் சொன்ன வரையறை இதற்கு அப்படியே பொருந்துகிறது.

பிப்ரவரி 12

நெறியாளர் அம்மா போனில் கேட்டார்: "துர்க்கைமைப் பாதியில வெட்டிட்டீங்களேப்பா, மீதி எங்கே?"

நியாயமான கேள்வி. அவர் வரையறை, அந்தச் செயல்கள் மக்களைத் திருச்சபை என்ற ஒரே அறச் சமூகமாக இணைக்கும் என்று முடிகிறது. மந்திரவாதத்துக்குத் திருச்சபை கிடையாது என்பதை வைத்துத்தான் அவர் சமயத்தையும் மந்திரத்தையும் பிரிக்கிறார். திருச்சபையை விட்டால் பிரிக்கும் கோடும் போய்விடும். அப்படியானால் மணல் வெறும் தாயத்துதானா என்று புறத்தேர்வாளர் பிடித்துக்கொள்வார்.

களக்குறிப்பு நோட்டில் பதில் இருக்கிறது. தெருவே சேர்ந்து வேன் பிடித்துப் போகிறது. வர முடியாதவர்களுக்கும் மணல் பங்கு வருகிறது. பங்கு வாங்கிய வீடுகளிலும் அதே விலக்குகள். ஞானஸ்நானம் இல்லை, தேவாலயப் பதிவேட்டில் பெயர் இல்லை. ஆனால் கூட்டாக நடக்கிறது, கூட்டாகக் காக்கப்படுகிறது. ஆகவே திருச்சபையை விட்டேன், சமூகத்தை விடவில்லை. இதை அப்படியே சொல்லப் போகிறேன்.

பிப்ரவரி 15

அடுத்தது முறையியல். நான் கத்தோலிக்கக் குடும்பம். எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லியிருப்பார்களோ?

கோயில் வளாகத்தில் பேசியவர்கள் பெரும்பாலும் அருளானந்தர் கதையைச் சொன்னார்கள். வீட்டுத் திண்ணையில் அதே ஆட்கள் பிள்ளையின் காய்ச்சல், வயலில் தூவிய மணல் என்று பேசினார்கள். அதனால்தான் ஒவ்வொரு பேட்டிக்கும் இடமும் உடனிருந்தவர்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் சொன்னதுதான் உண்மை என்று நான் வாதாடவில்லை. டப்பா இருக்கும் இடம், தொடுபவர், தொடாத நாள் ஆகிய மூன்றையும் நேரில் பார்த்திருக்கிறேன், என் முடிவுகள் அவற்றின் மேல் நிற்கின்றன. மனதுக்குள் என்ன நம்புகிறார்கள் என்று கேட்டால், இந்த முறையால் அதைச் சொல்ல முடியாது என்பதுதான் என் பதில். அதை இரண்டாம் இயலிலேயே எழுதியிருக்கிறேன், பக்க எண்ணோடு காட்டுவேன்.