அப்பாவின் கேஸ் ஷீட்டில் இருந்த ஒரு தாள்

அப்பாவுக்கு நுரையீரல் தழும்பு பிடித்து இறுகிப்போகிற நோய். வீட்டில் ஐந்து லிட்டர் ஆக்சிஜன் மெஷினோடு ஒன்றரை வருஷம் ஓட்டினோம். ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நுரையீரல் டாக்டர் என்னையும் தம்பியையும் தனியாகக் கூப்பிட்டார். "இந்தத் தடவை சமாளிக்கலாம், சமாளிக்க முடியாமலும் போகலாம். இதயம் நின்னா என்ன செய்யணும்னு இப்பவே பேசி எழுதி வைக்கணும்" என்றார்.

நாங்கள் உடனே அண்ணனுக்குப் போன் போட்டோம். அண்ணன் துபாயில் இருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் பேசி முடிவு சொல்ல வேண்டிய விஷயம் என்றுதான் நினைத்திருந்தோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வேறாக இருந்தது. "அப்பாகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அண்ணன் கேட்கவே கூடாது என்றார். "அவருக்குத் தெரிஞ்சா அப்படியே ஒடைஞ்சு போயிருவாரு." டாக்டர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா தெளிவாக இருக்கிறார், பேசுகிறார், தேதி கேட்டால் சொல்கிறார். அப்படி இருக்கும்போது அவரைத் தாண்டிப் பிள்ளைகளிடம் முடிவு வாங்க முடியாது என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறதாம். நோயாளிக்குப் புரிந்து முடிவெடுக்கும் நிலை இருந்தால் அவரிடமே பேச வேண்டும், அந்த நிலை இல்லாவிட்டால்தான் குடும்பம்.

அன்று மாலை டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்து, கட்டில் கம்பியை இறக்கிவிட்டு, அப்பாவின் காதருகே உட்கார்ந்தார். இதயம் நின்றுபோனால் நெஞ்சை நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஆழமாக அமுக்குவோம், ஷாக் கொடுப்போம், தொண்டையில் ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் இணைப்போம், உங்கள் வயதில் விலா எலும்பு முறிய வாய்ப்பு அதிகம், அப்படியே உயிர் திரும்பினாலும் இந்த நுரையீரல் வென்டிலேட்டரை விட்டு வெளியே வருவது ரொம்பக் கஷ்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, "நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது, நீங்க சொல்லுங்க சார்" என்று கேட்டார். அப்பாவுக்குப் புரிந்ததா என்று பார்ப்பதற்காகத்தான் அப்படிக் கேட்டார் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

அப்பா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "நின்னா நின்னதுதான். அமுக்கி எழுப்ப வேணாம். மெஷின்ல போட வேணாம். மூச்சு முட்டாம மட்டும் பாத்துக்கங்க." அந்தச் சொற்களை டாக்டர் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினார். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், வாயால் சொன்னாலே போதும் என்றும் அப்பாவிடம் சொன்னார்.

அடுத்த நாள் குடும்பத்தோடு பேச்சு. அம்மா, நான், தம்பி, அப்பாவின் அக்காவான அத்தை, வீடியோ காலில் அண்ணன். அண்ணனுக்கு இருந்த பயம் வேறு. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் வைத்தியத்தையே நிறுத்திவிடுவார்கள், ஐ.சி.யூ.வை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று அவர் நினைத்திருந்தார். டாக்டர் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். இடதுபக்கம் தொடர்கிறவை: ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், ட்ரிப்ஸ், மூச்சுத்திணறலுக்குச் சின்ன அளவில் மார்ஃபின். வலதுபக்கம் செய்யாதவை. அதைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டியதும்தான் அண்ணனின் குரல் இறங்கியது. ஆனாலும் "ஒரு ராத்திரி டைம் குடுங்க" என்றார். மறுநாள் காலை அவரே கூப்பிட்டு, "அப்பா சொன்னதுதான்" என்றார். அந்த நேரம்கூடத் தாளில் இருக்கிறது, 'தொலைபேசியில் ஒப்புதல்' என்ற குறிப்போடு.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்களுக்கே இது கடைசியில்தான் புரிந்தது. டி.என்.ஆர். என்று எல்லோரும் சொல்கிற அந்தத் தாள், இதயம் நின்ற பிறகு நெஞ்சை அமுக்கி எழுப்பப் பார்க்கிற சி.பி.ஆர். செய்வதில்லை என்பதற்கு மட்டும்தான். இதயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு மோசமாகி வென்டிலேட்டர் தேவைப்பட்டால், வேண்டாம் என்பது தனி முடிவு, தனியாக எழுத வேண்டும். அப்பா தெளிவாக இருந்ததால், வென்டிலேட்டர் வேண்டாம் என்பதை அவருடைய சொந்த மறுப்பாக இன்னொரு தாளில் எழுதி அவரே கையெழுத்துப் போட்டார். நினைவு தப்பிய பிறகு பேச ஆரம்பித்திருந்தால், உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து 2023இல் எளிமையாக்கிய வழியில் போக வேண்டியிருந்திருக்கும். முதலில் ஒரு மருத்துவக் குழு, அதன் முடிவைச் சரிபார்க்க இன்னொரு குழு, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். இரண்டு நாள் முன்கூட்டிப் பேசியதால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். "அவர் சாகட்டும்னு நான் எப்படி எழுதிக் குடுப்பேன் டாக்டரம்மா?" யாரும் வற்புறுத்தவில்லை. "இது உங்ககிட்ட வாங்குற அனுமதி இல்லம்மா. அவர் சொல்லிட்டாரு. நீங்க கூட இருந்தீங்க, கேட்டீங்கன்னு மட்டும் எழுதிக்கிறேன்" என்றார் டாக்டர். அப்படியே எழுதினார்: 'மனைவி உடனிருந்தார், கேட்டறிந்தார், கையெழுத்திட விருப்பமில்லை, மறுப்புத் தெரிவிக்கவில்லை.' அத்தைக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. "எங்கப்பாவெல்லாம் பொழச்சு வந்தாரு" என்று அழுதார். அவர் சொன்னதையும் டாக்டர் ஒரு வரியில் குறித்துக்கொண்டார். நானும் தம்பியும் சாட்சியாகக் கையெழுத்திட்டோம். டாக்டர் தன் பதிவு எண், தேதி, நேரத்தோடு கையெழுத்திட்டார், இன்னொரு டாக்டரும் போட்டார். அப்பாவின் கையெழுத்து கோணலாக இருந்தது. பேனாவை நான்தான் விரலில் வைத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அப்பாவை ஐ.சி.யூ.விலிருந்து தனி அறைக்கு மாற்றினார்கள். அன்று இரவு எனக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. டியூட்டி நர்ஸிடம் போய், "எங்கப்பாவுக்கு நெஞ்சை அமுக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கு, தெரியுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஃபைலைப் புரட்டினார், இல்லை. அந்தத் தாள் பழைய ஷீட்டுகளோடு ஐ.சி.யூ.விலேயே தங்கிவிட்டது. நல்லவேளை, நான் மொபைலில் படம் எடுத்து வைத்திருந்தேன். அட்டெண்டர் போய் எடுத்துவந்தார், முதல் பக்கமாகக் கிளிப் போட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் போய்க் கேட்டேன். தொந்தரவாக இருக்குமோ என்று தயங்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால், அந்த நேரத்தில் தெரியாத ஒருவர் ஓடிவந்து அமுக்கத்தான் செய்வார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது.

வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று தம்பி கேட்டபோது டாக்டர் இன்னொன்றையும் சொன்னார். இந்தத் தாள் இந்த ஆஸ்பத்திரிக்குள் எழுதியது. வீட்டில் பதறிப்போய் 108ஐக் கூப்பிட்டால், வருகிறவர்கள் சி.பி.ஆர். செய்யத்தான் பார்ப்பார்கள். மறுபடி சேர்த்தால் மறுபடி பேசி, மறுபடி எழுத வேண்டும். அதைக் கேட்டு நாங்கள் அங்கேயே இருந்துவிட்டோம். அண்ணனும் அதற்கடுத்த நாள் வந்து சேர்ந்தார்.

சேர்த்த ஒன்பதாம் நாள் விடியற்காலை. அப்பாவின் மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, பிறகு வரவேயில்லை. நர்ஸ் வந்தார், ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்தார், மானிட்டரின் சத்தத்தை அணைத்தார். அத்தை, "யாரையாச்சும் கூப்பிடுங்களேன்" என்றார். அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் அண்ணி, அவரே சொல்லிட்டாரு" என்றார்.

டியூட்டி டாக்டர் வந்து பரிசோதித்து, நேரம் 4.40 என்று எழுதி, கீழே இன்னொரு வரி சேர்த்தார்: 'நோயாளியின் எழுத்துப்பூர்வ விருப்பப்படி சி.பி.ஆர். செய்யப்படவில்லை. குடும்பத்தினர் உடனிருந்தனர்.'