முனை போன டேப்

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருந்தேன். ஒரு ப்ளவுஸ் அளவுல இருந்த தப்பை கண்டுபிடிச்சது பெரிய விஷயம் இல்ல, அதுக்கு அப்புறம் எங்க தையல் கடை மாஸ்டர் சொன்ன ஒரு வார்த்தைதான் இன்னும் உறுத்துது.

அப்ப நான் காஜா, ஹெம்மிங், ஹூக் கட்டுறது எல்லாம் தாண்டி கட்டிங் டேபிளுக்கு வந்திருந்தேன். மாஸ்டர் அளவை படிக்கச் சொல்வாரு, அவர் சாக்பீஸ்ல கோடு போடுவாரு. வெளியூர் கல்யாண ப்ளவுஸ் ஒண்ணு, பட்டுப் புடவையோட வந்த துணி, வேற துணி கிடையாது. பொண்ணோட சித்தி ஒரு அளவு ப்ளவுஸை தரையில விரிச்சு அளந்து, பேப்பர்ல எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பியிருந்தாங்க. கழுத்துக்கும் கைக்கும் ஆரி ஒர்க். ஆரின்னா துணியை வெட்டுறதுக்கு முன்னாடியே அதுல கழுத்து, கை எல்லாம் வரைஞ்சு ஃப்ரேம்ல மாட்டி ஒர்க் போடணும், போட்டு முடிச்சிட்டா கழுத்தை ஒரு இஞ்ச் கூட உள்ள தள்ள முடியாது. சைடு லூஸா இருந்தா பிடிச்சு தச்சிடலாம், ஒர்க் போட்ட கழுத்துல அது நடக்காது.

மாஸ்டர் அளவை பாத்துட்டு சரியா இருக்குன்னுட்டாரு. மார்பு 36, இடுப்பு 32, உயரம் 15, கை நீளம் 7. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது, யார் பாத்தாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. நானும் சரின்னுதான் படிச்சிட்டு வந்தேன். ஆனா ஆரிக்காக கழுத்து அகலமும், கழுத்துல இருந்து தோள் முனை வரைக்கும் வர்ற பட்டை அகலமும் தனியா கேட்டு வாங்கியிருந்தோம். தோளுக்கு தோள் 15. கழுத்து அகலம் 9. தோள்பட்டை அகலம் ஒரு பக்கம் 4. படிச்சு முடிக்கும்போதே மனசுக்குள்ள கூட்டிட்டேன், 4, 9, 4, மொத்தம் 17. ஆனா முழுசா அளந்தது 15. விரிச்சு அளக்கும்போது கால் இஞ்ச், அரை இஞ்ச் முன்னப்பின்ன வரும், ரெண்டு இஞ்ச் வராது.

போட்டோவை பெருசு பண்ணி பாத்தேன். பேன் காத்துக்கு பேப்பர் பறக்காம இருக்க அந்த அம்மா டேப்பையே மேல வச்சிருந்தாங்க. டேப்போட முனையில பித்தளை தகடு இல்ல. பிஞ்சு போய் யாரோ கத்திரிக்கோலால நேரா வெட்டி விட்டிருக்காங்க, முனையில இருந்து பாத்தா முதல்ல வர்ற நம்பர் 2. அதாவது முதல் இஞ்ச் டேப்புல இல்லவே இல்ல. அவங்க முனையை வச்சு அளந்து, தெரியுற நம்பரை அப்படியே எழுதியிருக்காங்க, ஒண்ணை கழிக்கல.

இப்ப கணக்கு பாருங்க. ஒவ்வொரு தடவை டேப் வைக்கும்போதும் ஒரு இஞ்ச் கூடும். தோளை முழுசா ஒரே தடவை அளந்ததால 14 தான் 15 ஆச்சு. அதையே மூணு துண்டா அளந்தப்ப மூணு இஞ்ச் கூடிப்போச்சு, நிஜத்துல 3, 8, 3. கூட்டினா சரியா 14. சுத்தளவு இன்னும் மோசம், விரிச்சு பாதியை அளந்து ரெண்டால பெருக்குறோம்ல, அதனால தப்பும் ரெண்டு மடங்கு. 17 இருக்க வேண்டியது 18ன்னு படிச்சா மார்பு 34 இல்ல, 36. இடுப்பும் 30க்கு பதிலா 32. ரெண்டும் ஒரே மாதிரி கூடுறதால வித்தியாசம் 4 அப்படியேதான் இருக்கு, அதனாலதான் கண்ணுக்கு சரியா தெரிஞ்சது. பெரிய அளவுல ஒரு இஞ்ச் ஒளிஞ்சுக்கும், பட்டை மாதிரி சின்ன அளவுலதான் மாட்டும்.

மாஸ்டர்கிட்ட சொன்னேன். அவர் சாக்பீஸை கீழ வச்சிட்டு, "ஏம்மா, போட்டோல பாத்து நீ அளவை மாத்துவியா? நாளைக்கு டைட்டா போச்சுன்னா யாரு பொறுப்பு?"ன்னு கேட்டாரு. அது நியாயமான கேள்வி. லூஸை குறைக்கலாம், வெட்டின துணியை வளர்க்க முடியாது. போட்டோல பக்கவாட்டுல சாய்ஞ்சு தெரியுற டேப்பை நம்பி ரெண்டு இஞ்ச் குறைக்கிறதுன்னா எனக்கே பயம்தான். அதனால அந்த அம்மாவுக்கே போன் போட்டோம். வீட்ல ஏ4 பேப்பர் இருந்தா அதே டேப்ல நீளப் பக்கத்தை அளந்து சொல்லுங்கன்னு கேட்டேன். ஏ4 நீளம் 29.7 சென்டிமீட்டர், இஞ்ச்ல பதினொன்னே முக்காலுக்கு துளி கம்மி. "பன்னெண்டே முக்கால் வருதும்மா"ன்னாங்க. எல்லாத்துலயும் கழிச்சோம், மாஸ்டரே வரைஞ்சாரு, ப்ளவுஸ் கச்சிதமா உக்காந்துச்சு.

இங்கயே முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேன். போனை வச்சதும் எனக்கு சட்டுனு ஞாபகம் வந்துச்சு, இதே வீட்டுக்கு முன்னாடி ஒரு ப்ளவுஸ் தச்சு அனுப்பி, தோள் இறங்குது, மொத்தமா லூஸுன்னு திரும்பி வந்தது. அதுக்கு மாஸ்டர் தச்ச அக்காவை எல்லார் முன்னாடியும் திட்டினாரு, மார்ஜினை ஒழுங்கா பிடிக்கலன்னு. அந்த அக்கா பதில் பேசாம மிஷின்ல இருந்து எந்திரிச்சாங்க, அப்புறம் கடைக்கு வரவே இல்ல. நான் மெதுவா, "மாஸ்டர், அப்ப போன தடவையும் இதே டேப்பா இருக்குமோ?"ன்னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னை பாத்துட்டு, "அதை விடும்மா. முடிஞ்சு போனது"ன்னாரு. அவ்வளவுதான்.

நிஜமா சொல்லணும்னா அவர் கெட்டவர் இல்ல. எனக்கு கையை பிடிச்சு ஆர்ம்ஹோல் வளைவு சொல்லி குடுத்தவரு, என் பேச்சை கேட்டு போன் போட்டதே பெருசு, வேற மாஸ்டரா இருந்தா வாயை மூடுன்னு சொல்லியிருப்பாரு. அவர் விடச் சொன்னது வெக்கத்துலயா, இல்ல நிரூபிக்க முடியாததை கிளற வேணாம்னா? உண்மையிலயே நிரூபிக்க முடியாது. அந்த பழைய போட்டோ போயிடுச்சு. அவரோட நோட்டுல பழைய ஆர்டருக்கு மார்பு 36ன்னு மட்டும் இருக்கு, அதை நான் அவருக்குத் தெரியாம புரட்டி பாத்தேன். ஆனா வந்தது உடம்பு அளவா இருந்தா, லூஸுக்கு ரெண்டு சேர்த்துதான் அவர் நோட்டுல எழுதுவாரு. 34ம் ரெண்டும் 36. நல்ல டேப்ல எடுத்த அளவை அப்படி எழுதியிருந்தா அளவு சரி, தப்பு தையல்ல. டேப்புல இருந்து நேரா வந்த 36ன்னா அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. பட்டை அகலம் எழுதியிருந்தா நான் கூட்டி பாத்திருப்பேன், சாதா ப்ளவுஸுக்கு யாரும் அதை எழுதறதில்ல.

தோள் இறங்குதுன்னு வந்ததை நினைச்சா டேப்தான்னு தோணுது. சைடு மார்ஜின் கம்மியா பிடிச்சா மார்பும் இடுப்பும் லூஸாகும், தோள் ஏன் இறங்கணும்? ஆனா கழுத்து அகலமா போனாலும் தோள் இறங்கும், அதனால அடிச்சு சொல்ல முடியல.

அந்த அக்கா இப்ப வேற கடையில தைக்கிறாங்க. நம்பர் என்கிட்ட இருக்கு. "அது உங்க தப்பு இல்ல போல இருக்கு அக்கா"ன்னு சொன்னா அவங்களுக்கு நிம்மதியா இருக்குமா, இல்ல மறுபடி அந்த நாளை கிளறி விட்டதா ஆகுமான்னு தெரியல. சொன்னா மாஸ்டருக்கு போகும், அதுவும் நான் யோசிக்கிறேன், மறைக்க விரும்பல. ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னுதான் முடிவுக்கு வர்றேன், அப்புறம் அந்த 36 குறுக்க வந்து நிக்குது. அது எந்த 36ன்னு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.