நீட் மாதிரித் தேர்வு: சிவப்புப் பட்டையைப் படித்த விதம்

மாதிரித் தேர்வு முடிந்ததும் பெரும்பாலான செயலிகள் ஒரு பட்டை வரைபடத்தைக் காட்டும். பெற்றது பச்சையில், இழந்தது சிவப்பில். பார்த்தவுடன் புரிந்துவிட்டது போலிருக்கும். ஆனால் அதில் சிவப்பு என்று எதைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்காமல் படித்தால், இலக்கு எங்கே நழுவுகிறது என்பது கடைசி வரை கண்ணில் படாது.

ஒரு விடைத்தாளை எடுத்துக்கொண்டு போவோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. மொத்தம் 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1. மாணவரின் இலக்கு 550.

இயற்பியலில் 45 கேள்விகளில் 26 சரி, 12 தவறு, 7 விட்டது. வேதியியலில் 45-ல் 33 சரி, 7 தவறு, 5 விட்டது. உயிரியலில் 90-ல் 74 சரி, 14 தவறு, 2 விட்டது. கூட்டினால் 92, 125, 282, மொத்தம் 499. இலக்குக்கு 51 குறைவு.

செயலியின் சிவப்புப் பட்டைகள் 12, 7, 14 என்று நிற்கும். மூன்றையும் சேர்த்தால் 33. "மைனஸ்ல 33 தான் போச்சு" என்று மாணவர் சொல்வது இதை வைத்துத்தான். உண்மையில் 720-க்கும் 499-க்கும் நடுவே 221 மதிப்பெண் இருக்கிறது. மீதி 188 வரைபடத்திலேயே இல்லை.

காரணம் எளிது. ஒரு கேள்வி தவறானால் போவது 1 மட்டும் இல்லை. வந்திருக்க வேண்டிய 4 வரவில்லை, கையிலிருந்த 1-ம் போனது, ஆக 5. விட்ட கேள்விக்கு 4. செயலி கழிவை மட்டும் சிவப்பாக்குகிறது. அதனால் விட்ட கேள்விக்கு நிறமே கிடைப்பதில்லை.

ஆகவே வரைபடத்தை நாமே திரும்பப் போட்டுக்கொள்வதுதான் முதல் வேலை. ஒரு விரிதாளில் A-ல் பாடம், B-ல் சரி, C-ல் தவறு, D-ல் விட்டது. E பெற்றது, F இழந்தது:

```
E2: =4*B2-C2
F2: =-(5*C2+4*D2)
```

F-ல் கழித்தல் குறி வைத்தால் சிவப்புப் பட்டை கோட்டுக்குக் கீழே தொங்கும். A, E, F மூன்றையும் தேர்ந்தெடுத்து Stacked column chart போட்டால் போதும். சரிபார்க்க ஒரு வழி: ஒவ்வொரு வரிசையிலும் E-லிருந்து F-ஐக் கழித்தால் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 180, உயிரியலுக்கு 360 வர வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, செயலி காட்டிய பச்சையை அப்படியே எடுத்து வைப்பது. உயிரியலில் அது 74 × 4 = 296 என்று காட்டும், கழிவை இன்னும் எடுத்திருக்காது. அதோடு 78 இழப்பைச் சேர்த்தால் 374 வரும். 360-க்கு மேல் போனாலே அந்த 14 இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பழைய வினாத்தாளில் பயிற்சி எடுத்தவர்களுக்கு இன்னொன்று. 2021 முதல் 2024 வரை 200 கேள்விகள் கொடுத்து 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள். அந்தத் தாளில் எழுதத் தேவையில்லாத 20 கேள்விகளையும் 'விட்டது' என்று எண்ணினால் 80 மதிப்பெண் இல்லாத இழப்பு முளைக்கும். அதை முதலிலேயே கழித்துவிட வேண்டும்.

இப்போது புதிய வரைபடம்: இயற்பியலில் இழப்பு 88, வேதியியலில் 55, உயிரியலில் 78. கண் நேராக இயற்பியலுக்குப் போகும். நீளமான சிவப்பு அதுதான். 180-ல் ஏறக்குறைய பாதி. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நீளமான பட்டை என்பதாலேயே இலக்கு அங்கே நழுவுகிறது என்று ஆகாது.

550 என்பதை எப்படிப் பிரித்து வைத்தோம்? இயற்பியல் 110, வேதியியல் 125, உயிரியல் 315. அப்படியென்றால் இழக்க அனுமதித்தது முறையே 70, 55, 45. அந்த அளவுகளில் சிவப்புப் பகுதிக்குக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். இயற்பியல் கோட்டைத் தாண்டியது 18. வேதியியல் சரியாகக் கோட்டிலேயே நிற்கிறது. உயிரியல் தாண்டியது 33. குறைந்த 51-ல் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கீழே, 'நல்லாத்தான் போச்சு' என்று மாணவர் நினைத்த பாடத்தில் இருக்கிறது. பச்சைப் பட்டை உயரமாக நின்றதால் யாரும் அதன் கீழே பார்க்கவில்லை.

பாடத்தின் பிரிப்பே தவறாக இருந்தால் கோடும் பொய் சொல்லும். இயற்பியலில் இதுவரை 100-ஐத் தொடாதவருக்கு 140 என்று எழுதிவைத்தால், ஒவ்வொரு தேர்விலும் இயற்பியலே நழுவுவதாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

உயிரியலின் 78-க்குள் இறங்குவோம். விட்ட இரண்டுக்கு 8, தவறான 14-க்கு 70. இந்தப் பதினான்கையும் அத்தியாய வாரியாகப் பிரிப்பதற்கு முன், விடைத்தாளைத் திறந்து காரண வாரியாகப் பிரிப்பது எங்கள் வழக்கம். இங்கே ஐந்து கேள்விகள் பாடமே தெரியாதவை. மூன்று, இரண்டு விடைகளுக்குள் ஊகித்துப் பிசகியவை. மீதி ஆறும் 'தவறான கூற்று எது' என்ற கேள்விகள். மாணவர் சரியான கூற்றைக் குறித்திருக்கிறார். ஆறு ஐந்து முப்பது. தாண்டிய 33-ல் 30 இதுவேதான். மரபியலை மறுபடி முதலிலிருந்து படித்தாலும் இது போகாது. 'தவறான', 'பொருந்தாத' என்ற சொல்லைக் கேள்வித்தாளிலேயே வட்டமிட்டுவிட்டு விடைக்குப் போவதுதான் மருந்து.

தவறை விட்டுவிடுவதாக மாற்றினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த தேர்விலும் சரி 74, தவறு 6, விட்டது 10 என்று வைப்போம். செயலியின் சிவப்பு 14-லிருந்து 6-க்கு இறங்கும், பார்க்க அழகாக இருக்கும். நம் வரைபடத்தில் இழப்பு 70. கிடைத்தது 8 மட்டும். அது மட்டுமில்லை, நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்த கேள்வியில் ஊகித்தால் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் வரவு. சிவப்புக்குப் பயந்து அதையும் விட்டால் பச்சையும் சேர்ந்து குறையும். முன்பு சொன்ன மூன்று ஊகப் பிழைகளை நாங்கள் குற்றமாக எண்ணாததற்கு அதுதான் காரணம்.

இயற்பியலின் 18 வேறு வகை. அங்கே விட்ட ஏழும் தாளின் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருந்தால் நேரம் போதவில்லை. இங்கும் அங்குமாகச் சிதறியிருந்தால் பாடம் தெரியவில்லை. இரண்டுக்கும் வரைபடத்தில் ஒரே 28 தான். கேள்வி எண்களைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். இந்தத் தாளில் அவை தொடர்ச்சியாகவே இருந்தன. அவற்றில் நான்கை எழுத நேரம் கிடைத்துச் சரியாகவும் வந்தால் 16 திரும்பும். உயிரியலில் ஒதுக்கிய நேரத்தில் பத்து நிமிடத்தை இந்தப் பக்கம் தள்ளினாலே அந்த வாய்ப்பு உண்டு. ஆனால் அதே பத்து நிமிடத்தைத்தான் கூற்றுக் கேள்விகளை நிதானமாகப் படிக்கவும் கேட்கிறோம். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள், முதலில் உயிரியல்.

அத்தியாய அளவில் இறங்கும்போது பட்டைகளை அவ்வளவாக நம்ப வேண்டாம். ஆறு கேள்விகள் மட்டும் வந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு தவறு, 24-ல் 5 என்று பெரிய சிவப்பாகத் தெரியும். நான்கைந்து தேர்வுகளின் சரி, தவறு, விட்டதைக் கூட்டி அதே சூத்திரத்தில் போட்ட பிறகும் அந்தப் பட்டை நீளமாகவே இருந்தால் அப்போது புத்தகத்தை எடுக்கலாம்.